எங்கட வீட்டுக் கலியாணத்துக்கு வாறவைக்கு ஒரு சின்னக் கையேடு

வணக்கம். கிண்ணியாவில இருந்து, மூதூரில இருந்து, கொழும்பில இருந்து தங்கச்சியோட படிச்ச ஆக்கள், வேலை செய்யிற ஆக்கள் எண்டு நிறையப் பேர் வாறீங்க, அதான் இதை எழுதுறன். போன வருசம் எங்கட சொந்தத்தில ஒரு கலியாணத்தில என்ர கிண்ணியாத் தோழி ஒருத்தி கையில குடுத்த மஞ்சள் அரிசிய எப்ப போடுறது எண்டு தெரியாம கடைசி வரைக்கும் பொத்திப் பிடிச்சுக்கொண்டே நிண்டவ, சாப்பிடப் போகேக்க பாத்தா கை முழுக்க மஞ்சள், ஒருத்தரும் அவவுக்கு சொல்லேல்ல. அது எனக்கு இண்டைக்கும் மனசில கிடக்கு. இந்தமுறை அப்பிடி ஆகக்கூடாது.

கலியாணம் ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம் காலம 10.40ல இருந்து 11.25 வரைக்கும். தாலி கட்டுறத பாக்கவேணும் எண்டா 10.15க்கு முன்னம் வந்து இருங்கோ.

9.00, வாசல்ல
வாசல்ல நிறைகுடமும் குத்துவிளக்கும் இருக்கும், பன்னீர் தெளிச்சு சந்தனம், குங்குமம், கற்கண்டு தருவினம். வாங்கோ எண்டு சொல்லுற முறை அது, அவ்வளவுதான். பொட்டு வைக்க விருப்பமில்லையெண்டா கற்கண்ட மட்டும் எடுங்கோ, ஒருத்தரும் குறையா நினைக்க மாட்டினம். மண்டபத்துக்குள்ள செருப்போட வரலாம், மணவறையில ஏறேக்க மட்டும் கழட்டுங்கோ. கறுப்பு அபாயாவோட வாற தோழிமார், கறுப்பு உடுத்தக்கூடாதாமே எண்டு கேட்டு மெசேஜ் போட்டிருந்தீங்க, உங்களுக்கு வழக்கமான உடுப்போடயே வாங்கோ.

9.20, மாப்பிள்ளை வாறது
என்ர தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளைட கால அவன் தண்ணி ஊத்திக் கழுவுவான், மாப்பிள்ளை அவன்ட விரலுக்கு மோதிரம் போடுவார். இனி நீ எங்கட வீட்டு ஆள் எண்டு பொம்பிளை வீடு சொல்லுறதும், அத மாப்பிள்ளை ஏற்கிறதும் அதில இருக்கு.

9.40ல இருந்து
ஐயர் ஓமம் வளர்ப்பார். அக்கினிய சாட்சியா வைச்சுத்தான் எல்லாம் நடக்கும். கொஞ்சம் புகை வரும், ஆஸ்துமா உள்ள ஆக்கள் ஃபேன் பக்கமா இருங்கோ.

10.20, கன்னிகாதானம்
ரெண்டு பக்கத்திலயும் அப்பா, தாத்தா, பூட்டன் எண்டு மூண்டு தலைமுறைப் பேர ஐயர் சொல்லுவார். பிறகு அம்மா தண்ணி ஊத்த, அப்பா தங்கச்சிட கைய மாப்பிள்ளைட கையில குடுப்பார். இந்த இடத்தில எங்கட அப்பா கட்டாயம் அழுவார், என்ர கலியாணத்திலயும் அழுதவர். அது முடிய மாப்பிள்ளை வீடு குடுத்த கூறைச்சேலையை உடுத்தப் பொம்பிளை உள்ள போவா, இருவது நிமிசம் எடுக்கும், அந்த நேரம் கதைக்கலாம், போட்டோ எடுக்கலாம்.

10.50 போல, தாலி
கூறை உடுத்திக்கொண்டு வந்ததும் தாலிய தட்டில வைச்சு சபைக்குக் கொண்டு வருவினம், தொட்டு வாழ்த்தலாம். அந்தத் தாலிக்கான தங்கம் ஏற்கெனவே மாப்பிள்ளை வீட்டில நல்ல நாள் பாத்து பத்தர வைச்சு உருக்கினது, அதுக்குப் பொன்னுருக்கு எண்டு பேர். ஐயர் கை காட்டினதும் நாதஸ்வரமும் தவிலும் ஒண்டா உச்சத்துக்குப் போகும், அதுதான் கெட்டிமேளம். கூடாத சத்தம் ஒண்டும் காதில விழக்கூடாது எண்டுதான் அவ்வளவு சத்தம், சின்னப்பிள்ளையள் பயப்படக்கூடும், பாத்துக்கொள்ளுங்கோ. அந்த மேளம் கேட்டதும் கையில இருக்கிற அரிசியயும் பூவயும் அவையள் பக்கம் தூவுங்கோ. இதுக்கு முன்னம் போடத் தேவையில்ல. தாலி கட்டினாப்பிறகு கவனிச்சுப் பாருங்கோ, இவ்வளவு நேரமும் வலப்பக்கம் இருந்த தங்கச்சி இடம் மாறி இடப்பக்கம் இருப்பா, மனைவியான அடையாளம் அது.

11.05ல இருந்து
ரெண்டு பேரும் அக்கினிய சுத்தி வருவினம். பொம்பிளை வலது கால அம்மிக்கல்லில வைப்பா, மாப்பிள்ளை விரலுக்கு வெள்ளி மெட்டி போடுவார், கல்லுப்போல உறுதியா இரு எண்டு அர்த்தம். பிறகு அருந்ததி நட்சத்திரத்த காட்டுவார், பகல்ல தெரியாது, ஆனாலும் ரெண்டு பேரும் அண்ணாந்து பாப்பினம். பக்கத்தில வசிட்டர் எண்ட நட்சத்திரம், பிரியாத சோடி எண்டு சொல்லுவினம்.

11.30, வாழ்த்துறது
பெரியாக்கள் அறுகம்புல்லும் அரிசியும் சேத்து மூண்டுமுறை தலையிலயும் தோளிலயும் போட்டு ஆசீர்வதிப்பினம், அதுக்கு அறுகரிசி எண்டு பேர். செய்ய விருப்பமான எல்லாரும் ஏறலாம், இல்லாட்டி கை குடுத்து வாழ்த்தினாலே எங்களுக்கு நிறைய சந்தோசம்.

12.00, சாப்பாடு
முழுக்க சைவம், வாழையிலையில. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய், அப்பளம், வடை, ரசம், பாயாசம். மச்சம் ஒண்டும் அந்தச் சமையலறைக்குள்ளயே வராது. சாப்பிட்டு முடிய இலையை உங்கட பக்கமா மடிச்சா போதும்.

லுஹர் தொழுகைக்கு மேல்மாடியில ரெண்டு அறை ஒதுக்கியிருக்கு, ஆம்பிளையளுக்கு ஒண்டு, பொம்பிளையளுக்கு ஒண்டு, வுளூ செய்ய தண்ணியும் அங்கயே இருக்கு. எது விளங்கேல்லையெண்டாலும் பன்னீர்ச்செம்போட வாசல்ல நிக்கிற சித்தப்பாட ரெண்டு மகள்மாரிட்ட கேளுங்கோ, ரெண்டு பேரும் நல்லா சிங்களமும் கதைப்பினம்.