பதின்மூன்றாம் மாதம்

இரவு 11.30. பன்னிரண்டு மாதமும் வரவேண்டிய திரையில் ஒரே வரி: 13. இல்லாத மாதம். இன்டர்ன் பெண்ணின் மூன்றாவது டீயும் ஆறிவிட்டது.

```c
int i;
for (i = 1; i <= 12; i++);
{
    printf("%d\n", i);
}
```

"லூப் ஒரு தடவைதான் ஓடுதுக்கா."

பக்கத்து சீட் அக்கா பையை மாட்டியபடியே குனிந்தாள். "பன்னிரண்டு தடவையும் ஓடிடுச்சும்மா, வெறும் வயித்தோட. for வரிக் கடைசியில பாரு."

அரைப்புள்ளி. லூப் அங்கேயே முடிந்துவிட, i 13 ஆன பிறகு அடைப்புக்குறிக்குள் இருந்தது தனியாக ஒரு முறை ஓடியிருக்கிறது. மதியத்திலிருந்து படித்த வரிதான். திரையில் தூசி என்று கண் தாண்டிப் போயிருக்கிறது.

பேக்ஸ்பேஸ். ஒன்று முதல் பன்னிரண்டு வரை மளமளவென்று இறங்கியது. ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தாள். கடைசி பஸ் போயிருக்கும்.