மதுரை விடுதியின் வரவேற்பு மேசையில்: ரயிலில் வந்து இறங்கிய குடும்பத்துக்கு

வாங்க சார், வாங்கம்மா. மும்பையிலிருந்து ரயிலில் வந்த களைப்பு முகத்திலேயே தெரிகிறது. முதலில் உட்காருங்கள். பாட்டிக்கு இந்த நாற்காலி வசதியாக இருக்கும், மின்விசிறிக்கு நேர் கீழே.

பைகளை அங்கேயே விடுங்கள், தம்பி மேலே கொண்டுவந்து வைப்பார். மருந்துப் பை மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். பாட்டிக்கு முட்டி வலி என்று போனில் சொல்லியிருந்தீர்கள், அதனால் லிஃப்டுக்குப் பக்கத்திலேயே அறை ஒதுக்கியிருக்கிறோம். இரண்டாவது மாடி, 204. வெந்நீர் வருகிறது.

ஒருவருடைய ஆதார் அட்டையைக் காட்டி இங்கே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். மற்ற விவரங்களை அப்புறம் எழுதிக்கொள்கிறேன். குடிக்க என்ன கொடுக்கட்டும், காபியா, மோரா?

கோயிலுக்கு இப்போதே கிளம்ப வேண்டாம் சார். மதியம் நடை சாத்திவிடுவார்கள், மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவரை நன்றாகத் தூங்குங்கள். வாசலில் இறங்கி வலது பக்கம் திரும்பினால் டவுன்ஹால் ரோடு. அதிலேயே நேராக நடந்தால் மேலக் கோபுரம் எதிரே தெரியும். பாட்டியை நடக்கவிட வேண்டாம், ஆட்டோ பிடித்துத் தருகிறேன். அம்மன் சன்னதி கிழக்குப் பக்கம், அங்கேயே இறக்கிவிடச் சொல்கிறேன். உள்ளே செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இதோ சாவி. எது வேண்டுமானாலும் 9 அழுத்துங்கள், ராத்திரியிலும் ஆள் இருப்போம்.