சைட் எண் 27, கௌதேனஹள்ளி: முன்பணம் கொடுக்குமுன் உரிமைமூலம் குறித்துச் சட்டக் கருத்து கேட்டு

பெங்களூரு, 16.02.2026

மதிப்பிற்குரிய வக்கீல் அம்மா திருமதி ஜெயலட்சுமி அவர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை போனில் பேசிய சொத்தின் காகிதங்களை இத்துடன் அனுப்புகிறோம். மொத்தம் 61 பக்கம், எல்லாமே ஜெராக்ஸ். இதுவரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை, எதிலும் கையெழுத்தும் போடவில்லை. 25-ஆம் தேதிக்குள் 5 லட்சம் டோக்கன் வைக்கவேண்டும், வேறு பார்ட்டி தயாராக இருக்கிறது என்று புரோக்கர் அவசரப்படுத்துகிறார். உங்கள் கருத்து எழுத்தில் வராமல் டோக்கனும் இல்லை என்று சொல்லிவிட்டோம். அதனால் அவருடைய தேதிக்காக நீங்கள் ஓடவேண்டாம்.

சொத்து: பெங்களூரு, கே.ஆர்.புரம் ஹோப்ளி, கௌதேனஹள்ளி கிராமம், சர்வே எண் 61/2-இல் பிரித்த சைட் எண் 27. கிழக்கு மேற்காக 40 அடி, வடக்கு தெற்காக 30 அடி. அதில் தரைத்தளமும் மேல் ஒரு மாடியும் கொண்ட பழைய வீடு. கீழே வாடகைக்கு ஆள் இருக்கிறார். பேசிய விலை 1 கோடியே 32 லட்சம். பாதிக்குமேல் வங்கிக் கடன். வங்கியின் வக்கீல் தனியாகப் பார்ப்பார் என்றாலும், அவர் பார்ப்பது டோக்கன் போன பிறகு. எங்களுக்கு வேண்டியது அதற்கு முந்தைய கருத்து.

காகிதங்களில் தெரிகிற தொடர் இது. 61/2-இன் மொத்தம் 2 ஏக்கர் 10 குண்டே. 1969 முதல் கையால் எழுதிய நிலப் பதிவேடான பஹணியில் முனிசாமப்பா பெயர். 1984-இல் விவசாயம் அல்லாத பயன்பாட்டுக்கு மாற்றிய டி.சி. கன்வர்ஷன் உத்தரவு. 1988-இல் அவர் லேஅவுட் போட்டவருக்கு எழுதிய பொது அதிகாரப் பத்திரமான ஜி.பி.ஏ. அந்த ஜி.பி.ஏ.வை வைத்து 18.06.1992-இல் பதிவான கிரயப் பத்திரம், வாங்கியவர் அந்தோணியம்மாள். அவர் கணவர் 2006-இல் இறந்தார், அந்தோணியம்மாள் 2009-இல். உயில் இல்லை என்கிறார்கள். இப்போது விற்பவர் மகன் ஜோசப். அவருக்கு இரண்டு அக்காமார், ஒருவர் ஆஸ்டின் டவுனில், மற்றவர் கனடாவில்.

எல்லாவற்றிலும் பெரிய சந்தேகம் 1992-இல்தான். அதை முதலில் பாருங்கள்.

இணைப்பு 4-இல் இருக்கும் மியூட்டேஷன் பிரதியைப் பஹணியோடு சேர்த்து வைத்துப் படித்தபோது தெரிந்தது: எம்.ஆர். 14/1991-92, உத்தரவுத் தேதி 03.02.1992, காரணம் என்ற இடத்தில் “பௌதி”. அதாவது முனிசாமப்பா இறந்துவிட்டதால் வாரிசுகள் பெயருக்கு மாற்றம். மனைவி, மூன்று மகன்கள் பெயர் இருக்கிறது. அவருடைய ஏஜெண்ட் கிரயம் எழுதிக் கொடுத்ததோ நாலரை மாதம் கழித்து, ஜூனில். இறப்புச் சான்று ஃபைலில் இல்லை. ஆனால் பிப்ரவரியில் பௌதி ஆகியிருந்தால் ஆள் அதற்கு முன்பே போயிருக்கவேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் அதோடு முடிகிறது, ஒப்பந்தச் சட்டப் பிரிவு 201. ஜி.பி.ஏ. மூலம் விற்றதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. உயிருள்ள முதலாளியின் சார்பில் ஏஜெண்ட் பதிவுப் பத்திரம் எழுதினால் அது கிரயம்தான். இங்கே கேள்வி, அன்றைக்கு அந்த அதிகாரம் உயிரோடு இருந்ததா என்பது.

லேஅவுட் போட்டவர் முழுப் பணமும் கொடுத்திருந்தால் பிரிவு 202 காப்பாற்றும் என்று ஜோசப்பின் ஆள் சொல்கிறார். அப்படியானால் 1988-இல் ஜி.பி.ஏ.வோடு கிரய ஒப்பந்தமும் பணம் பெற்ற ரசீதும் இருக்கவேண்டும். கேட்டோம், இதுவரை வரவில்லை. ஜி.பி.ஏ.வும் நோட்டரி கையெழுத்து மட்டும் உள்ள மூன்று பக்க ஜெராக்ஸ். அதில் அட்டவணை 61/2 என்று நிற்கிறது, எத்தனை குண்டே என்ற இடம் கறுத்துப்போயிருக்கிறது.

இதில் நமக்குச் சாதகமாக ஒரு வழி இருந்தது. கன்வர்ஷன் ஆனது 1 ஏக்கர் 20 குண்டே மட்டும். பௌதி மாற்றம் மீதி 30 குண்டேக்கு மட்டும் என்றிருந்தால், லேஅவுட் பகுதியைக் குடும்பம் விட்டுவிட்டது என்று வாதாடலாம். ஆனால் எம்.ஆர்.-இல் முழு 2 ஏக்கர் 10 குண்டேயும் வாரிசுகள் பெயருக்குப் போயிருக்கிறது. தாலுக்கா ஆபீஸில் சான்றிட்ட நகல் எடுத்து இதை உறுதிசெய்யுங்கள். ஜெராக்ஸை நம்பி முடிவெடுக்கவேண்டாம்.

வாரிசுப் பட்டியலில் மகள்கள் பெயர் இல்லை. மகள்களே இல்லையா, எழுதாமல் விட்டார்களா என்று வம்சவிருட்சம் பார்த்தால்தான் தெரியும். நிலம் பூர்வீகமாக இருந்தால் 2005 திருத்தத்தை வைத்து இந்தக் கிரயத்தை அசைப்பது கடினம், 20.12.2004-க்கு முந்தைய விற்பனைகளுக்கு அந்தத் திருத்தத்திலேயே காப்பு உண்டு. முனிசாமப்பாவின் சொந்தச் சம்பாத்தியமாக இருந்தால் கதை வேறு. மகள்கள் 1956 சட்டப்படியே முதல் வகுப்பு வாரிசுகள், மகன்களுக்குச் சமமான பங்கு.

சொந்தச் சம்பாத்தியமோ என்று சந்தேகிக்கக் காரணம் இணைப்பு 2. பழைய பஹணியில் நிலம் கிடைத்த விதம் என்ற கட்டத்தில், வாரிசு என்று எழுதியதை அடித்துவிட்டு, மேலே சிறிய எழுத்தில் “தர்காஸ்து” என்றும் ஓர் எண்ணும் இருக்கிறது. ஜெராக்ஸில் கடைசி இலக்கம் தெரியவில்லை, பூதக்கண்ணாடி வைத்தும் 8-ஆ 3-ஆ என்று சொல்லமுடியவில்லை. அரசு வழங்கிய நிலம் என்றால், வழங்கல் உத்தரவையும் சாகுவளிச் சீட்டையும் எடுத்து இரண்டு விஷயம் பார்க்கவேண்டும்: எத்தனை வருடம் விற்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தது, பெற்றவர் தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவரா. பின்னது ஆமாம் என்றால் 1978-ஆம் ஆண்டு பி.டி.சி.எல். சட்டம் வருகிறது, 1992 விற்பனைக்கு அரசின் முன் அனுமதி இருந்திருக்கவேண்டும். காலம் கடந்துவிட்டது என்ற பதிலை 2023 திருத்தத்துக்குப் பிறகு அப்படியே ஏற்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை. உதவி ஆணையர் அலுவலகத்தில் 61/2 மீது இந்தச் சட்டத்தில் ஏதாவது கேஸ் நடந்ததா, நடக்கிறதா என்றும் தேடச் சொல்லுங்கள்.

அடுத்து விற்பவர் குடும்பம். உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவத் தாயின் சொத்து, கணவரும் முன்பே இறந்தவர். 1925 வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. ஜோசப்புக்கு மூன்றில் ஒன்றுதான். அக்காமார் “ஆட்சேபணை இல்லை” என்று 100 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்ததைக் காட்டுகிறார். அதனால் பங்கு கைமாறாது. பதிவான விடுதலைப் பத்திரம் வேண்டும், அல்லது மூவரும் விற்பவர்களாகச் சேரவேண்டும். எங்களுக்கு இரண்டாவதுதான் விருப்பம். கனடா அக்காள் வரமுடியாவிட்டால் அங்கே இந்தியத் தூதரக அதிகாரி முன் எழுதிய பவர், இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் ஸ்டாம்ப் கட்டியது, வேண்டும். அவர் பங்குக்கு 1 சதவீத டி.டி.எஸ். கணக்கு செல்லாது, வெளிநாட்டில் இருப்பவருக்கான விகிதம் வேறு. இதை அவர்களுக்கு இப்போதே சொல்லாவிட்டால் பதிவு நாளன்று சண்டை வரும்.

ஈ.சி.யில் ஒரு பதிவு நெருடுகிறது. 01.04.2004 முதல் ஆன்லைனில் எடுத்த படிவம் 15-இல், 2013-இல் ஜோசப் ஒரு கூட்டுறவு வங்கியில் பத்திரம் ஒப்படைத்து 9 லட்சம் அடமானக் கடன் வாங்கியது தெரிகிறது. தீர்த்த பதிவு இல்லை. கடன் முடிந்துவிட்டது என்கிறார். முடிந்திருந்தால் 1992 மூலப் பத்திரம் கையில் இருக்கவேண்டுமே. “லாக்கரில் இருக்கிறது” என்று இரண்டு முறை சொன்னார், காட்டவில்லை. 2013-இல் தனி ஆளாக அடமானம் வைக்க வங்கிக்கு எந்த வம்சவிருட்சத்தைக் கொடுத்தார், அதில் அக்காமார் இருந்தார்களா என்பதும் எங்களுக்குத் தெரியவேண்டும்.

2004-க்கு முந்தைய ஈ.சி. கையால்தான் தேடவேண்டும். சைட் எண் 27 என்று மட்டும் விண்ணப்பித்தால் பாதிதான் கிடைக்கும். 61/2 முழுமைக்கும் தனியாகத் தேடச் சொல்லுங்கள், வாரிசுகளோ ஏஜெண்டோ மொத்தமாக எழுதிக் கொடுத்தது அதில்தான் விழும். பழைய பத்திரங்களில் பெங்களூர் தெற்குத் தாலுக்கா என்றும் இப்போதைய காகிதங்களில் கிழக்குத் தாலுக்கா என்றும் இருக்கிறது. ஆகவே 1992 பத்திரத்தின் முத்திரையில் உள்ள துணைப் பதிவாளர் அலுவலகத்திலும் தேடவேண்டும்.

காத்தா இன்னும் அந்தோணியம்மாள் பெயரில். ஏ காத்தா என்று புரோக்கர் சொன்னார், கொடுத்த நகல் பி ரிஜிஸ்டர். இ-காத்தா இல்லாமல் பதிவே நடக்காது என்பதால் மூன்று வாரிசுகள் பெயருக்கு மாற்றி இறுதி இ-காத்தா எடுப்பது விற்பவர் வேலை. ஆனாலும் காத்தா வரி கட்டும் பதிவேடு, உரிமைக்கு ஆதாரமல்ல. அதை வைத்து 1992 ஓட்டையை மூடவேண்டாம்.

அளவு: நாங்கள் டேப் பிடித்ததில் கிழக்கு மேற்கு 37 அடி 6 அங்குலம்தான். 1200-க்குப் பதில் 1125 சதுர அடி. பத்திரத்தில் மேற்கு எல்லை “தனியார் நிலம்”, இப்போது அங்கே ஓடுவது சிமெண்ட் கால்வாய். கிராம வரைபடத்தில் அது ராஜகாலுவையா, மாடிக்கு அனுமதி வரைபடம் இருந்ததா, சைட் கன்வர்ஷன் ஆன 60 குண்டேக்குள் வருகிறதா (உத்தரவோடு ஸ்கெட்ச் இல்லை), பி.டி.ஏ. முதல்நிலை, இறுதி அறிவிக்கைகளில் 61/2 உண்டா என்று பாருங்கள்.

கருத்தில் “ஆவணங்கள் சரியாக இருந்தால் உரிமை செல்லும்” என்ற மாதிரி வரி வேண்டாம். ஒவ்வொரு குறைக்கும் தீர்க்க முடியுமா, யார் கையெழுத்து வேண்டும் என்று எழுதுங்கள். முனிசாமப்பாவின் எல்லா வாரிசுகளும் பதிவு செய்த உறுதிப் பத்திரம் கொடுத்தால் 1992 சரியாகுமா? ஜோசப் தரப்பு “முப்பது வருஷ அனுபோகம்” என்று சொல்வார்கள். நீதிமன்றத் தீர்ப்பு இல்லாத அனுபோகத்தை நம்பி 1 கோடியே 32 லட்சம் போட நாங்கள் தயாரில்லை. நீங்கள் வேறுமாதிரி நினைத்தால் காரணத்தோடு சொல்லுங்கள். முனிசாமப்பா வாரிசுகள் பெயரிலும் ஜோசப் பெயரிலும் சிவில் கேஸ் தேடல், ஒரு கன்னடம், ஒரு ஆங்கில நாளிதழில் பொது அறிவிப்பு ஆகியவையும் வேண்டும். அறிவிப்புக்கு ஜோசப் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே எங்களுக்கு ஒரு பதில்.

கருத்து சாதகமாக வந்தால் மட்டும் முன்பண ஒப்பந்தம். அதில் மூவரும் கையெழுத்திடவேண்டும், உரிமையில் குறை தெரிந்தால் 15 நாளில் முழுப் பணமும் திரும்பவேண்டும். வரைவை நீங்களே எழுதித் தாருங்கள்.

நீங்கள் சொன்ன கட்டணம் 18,000 ரூபாயில் பாதியை இன்று அனுப்பிவிட்டோம். தேடல் கட்டணம், சான்றிட்ட நகல் செலவு தனி, ரசீது போதும். மார்ச் 10-க்குள் கிடைத்தால் நல்லது. 1992 விஷயத்தில் முனிசாமப்பாவின் இறப்புத் தேதி முதலில் கிடைத்து, அது கிரயத்துக்கு முந்தையது, 1988 ஒப்பந்தமும் இல்லை என்று உறுதியானால், மற்ற தேடல்களுக்குச் செலவு செய்யாமல் அங்கேயே நிறுத்தி ஒரு போன் செய்யுங்கள்.

இப்படிக்கு,
செ. மலர்விழி, ரா. குமரவேல்
அல்சூர், பெங்களூரு

இணைப்பு: 1) கிரயப் பத்திரம் 1992, 2) பஹணி 1969 முதல், 3) கன்வர்ஷன் உத்தரவு 1984, 4) எம்.ஆர். 14/1991-92, 5) ஜி.பி.ஏ. 1988, 6) ஈ.சி. படிவம் 15, 7) காத்தா நகல், வரி ரசீதுகள், 8) அந்தோணியம்மாள், கணவர் இறப்புச் சான்றுகள், 9) அக்காமாரின் ஸ்டாம்ப் பேப்பர் கடிதம், 10) நாங்கள் எடுத்த அளவுக் குறிப்பும் கால்வாயின் நான்கு போட்டோவும்.