கஸ்தூரியார் வீதிக் கடைத்தொகுதி: 2026 வாடகை வருமானப் பாதீடு

தர்மகர்த்தா சபைக் கூட்டத்திற்குப் பொருளாளர் சமர்ப்பிப்பது

கீழே 6 கடை, மேலே 3 அறை. எல்லாம் நிரம்பி எல்லாரும் ஒழுங்காகக் கட்டினால் மாதம் 332,000 ரூபா, வருடம் 3,984,000 ரூபா. 1ஆம், 2ஆம் கடைகளுக்கு ஜூலை முதல் 10 வீதம் கூட்டிய ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. அதில் 54,000 ரூபா கூட வரும். மற்றக் கடைகளில் வாய்ப்பேச்சாக இருக்கும் உயர்வுகளைச் சேர்க்கவில்லை. இந்த 4,038,000 ரூபாவை நம்பிப் பிள்ளைகளின் உதவித்தொகைக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். கைக்கு வருவது அதைவிடக் குறைவு.

வெறுமை. 8ஆம் அறை நவம்பரிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. ஏப்ரலில்தான் ஆள் வரும் என்று 3 மாத வாடகையைக் கழித்திருக்கிறேன் (54,000). 3ஆம் கடைக்காரர் ஜூன் முடிவில் விடுகிறார். பூச்சு, வயரிங் முடித்துப் புதியவருக்குக் கொடுக்க 2 மாதம் போகும் (90,000). மற்ற இரண்டு மேல் அறைகளுக்கும் தலா ஒரு மாதம் (36,000). மாடிப்படி ஒடுக்கம் என்பதால் மேலே வருகிறவர்கள் நிலைப்பதில்லை.

நிலுவை. டிசம்பர் 31இல் 4ஆம் கடை 135,000, 6ஆம் கடை 76,000. 8ஆம் அறையில் இருந்தவர் 54,000 வைத்துவிட்டுப் போனார். அவருடைய முற்பணம் 36,000ஐக் கழித்தால் மிச்சம் 18,000. அதை அறவிட முடியாக் கடனாக எழுதிவிடலாம். 4ஆம் கடைக்காரர் மாதம் 7,500 வீதம் பழையதைக் கட்ட எழுத்தில் ஒப்புக்கொண்டுள்ளார் (90,000). 6ஆம் கடை ஐயாவிடம் ஒரு மாதத்து வாடகை வரும் (38,000). அதற்குமேல் எதிர்பார்ப்பது வீண். இந்த 128,000 பழைய வருடத்துக் காசு. பற்றுச்சீட்டில் எந்த மாதத்துக்குரியது என்று எழுதாவிட்டால் புது வாடகையோடு கலந்துபோகும்.

இவ்வருட வாடகையிலும் டிசம்பரில் வராமல் நிற்கக்கூடியது 157,000: 4ஆம் கடை ஒரு மாதம், 6ஆம் கடை இரண்டு மாதம், மேல் அறைகள் இரண்டிலும் தலா ஒரு மாதம்.

திருத்தம். பெரிய செலவு மேல் பிளேட். 5ஆம் கடையின் பின்பக்க மூலையில் சீமெந்து உதிர்ந்து கறள் பிடித்த கம்பி தெரிகிறது. போன மாரியில் கடைக்காரர் துணிக்கட்டுகளை முன்பக்கம் இழுத்து வைத்தார். கம்பியைச் சுரண்டிப் பூசி, மேலே நீர்க்கசிவுத் தடுப்புப் போட 380,000. ஒக்டோபர் மழைக்கு முன், ஓகஸ்ட் வெயிலில் செய்தாக வேண்டும். 3ஆம் கடை ஷட்டர், வயரிங், பூச்சு 95,000, மலசலகூடமும் தண்ணீர் மோட்டரும் 60,000, சில்லறைத் திருத்தம் மாதம் 10,000, எதிர்பாராததற்கு 100,000.

| விபரம் | ரூபா |
|---|---:|
| முழு வாடகை (உயர்வு உட்பட) | 4,038,000 |
| கழிக்க: வெறுமை | 180,000 |
| கழிக்க: இவ்வருடம் வராதது | 157,000 |
| கூட்ட: பழைய நிலுவை அறவீடு | 128,000 |
| கைக்கு வரும் காசு | 3,829,000 |
| திருத்தங்கள் | 755,000 |
| திருத்த ஒதுக்கு நிதி | 200,000 |
| சோலைவரி (ஜனவரியில் கட்டி 10 வீதக் கழிவுடன்) | 151,200 |
| அறவீட்டாளர் சம்பளம், ஊழியர் சேமலாப, நம்பிக்கை நிதிகள் | 345,000 |
| காப்புறுதி | 48,000 |
| பொது மின்சாரம், துப்புரவு | 78,000 |
| கணக்காய்வு, ஒப்பந்தச் செலவு | 85,000 |
| வருமான வரிக்கு (கணக்காளர் மதிப்பீடு) | 400,000 |
| மிச்சம் | 1,766,800 |

கடைக்காரர்களின் முற்பணம் எதுவும் இதில் இல்லை. அது அவர்களுடைய காசு. நிலையான வைப்பில் தனியே இருக்கிறது. ஜூலையில் 3ஆம் கடைக்காரருக்குத் திருப்ப வேண்டிய 270,000ஐ அதிலிருந்தே கொடுப்போம். கடையைப் பார்த்து, மின்கட்டணப் பாக்கி இல்லையென்று உறுதிசெய்த பிறகுதான் காசோலை.

மிச்சத்தில் உதவித்தொகைக்கு 1,400,000 மட்டும் ஒதுக்கலாம். ஜூன் வரை 600,000. பிளேட் வேலைக்குப் பணம் கட்டி முடித்து, செப்டெம்பரில் கணக்கைப் பார்த்த பிறகு 800,000. கையில் நிற்கும் 366,800 சும்மா வைத்ததல்ல. 3ஆம் கடை இன்னும் 4 மாதம் பூட்டிக் கிடந்தால் 180,000, 4ஆம் கடை மேலும் 3 மாதம் கட்டாவிட்டால் 135,000. இரண்டும் ஒன்றாக வந்தாலும் 51,800 மிஞ்சும். பிள்ளைகளின் காசில் கை வைக்க வேண்டியிராது.

சபை இன்று தீர்மானிக்க வேண்டியவை: 18,000ஐ எழுதிவிடுவது, ஜனவரி 31க்குள் சோலைவரி கட்டுவது, பிளேட் வேலைக்கு மூன்று மேசன்மாரிடம் விலைக்கேள்வி எடுப்பது. 6ஆம் கடையின் 38,000 வாடகையைப் பற்றியும் ஒருநாள் பேசத்தான் வேண்டும். 3ஆம், 4ஆம் கடைகளின் வாடகை 45,000.