மாதிரி நேர்காணல்: மூவருக்குமான கருத்துக்குறிப்பு

மூவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை நடந்த உதவித்தொகை மாதிரி நேர்காணலில் குழுவாக உட்கார்ந்த நாங்கள் மூவரும் எழுதிவைத்த குறிப்புகளைச் சேர்த்து இதை எழுதுகிறேன். தனித்தனியாக அனுப்பாமல் ஒரே தாளாக அனுப்பக் காரணம், அடுத்தவருக்குச் சொன்னதைப் படிக்கும்போதுதான் நம்முடையது சட்டென்று பிடிபடும். மதிப்பெண் எதுவும் போடவில்லை, தேட வேண்டாம்.

பொதுவாக ஒன்று. மூவரிடமும் சொல்ல விஷயம் இருக்கிறது. ஆனால் கேள்வியின் முதல் நான்கு சொற்கள் காதில் விழுந்ததுமே, தயாரித்துவைத்த பதில் கிளம்பிவிடுகிறது. மீதிக் கேள்வி காற்றோடு போகிறது. 'உள்ளடக்கம் போதவில்லை', 'தடுமாற்றம்', 'மிகை' என்று நாங்கள் குறித்த இடங்களில் பாதிக்கு மேல் இதில்தான் ஆரம்பித்தன.

நீரியல் மாணவிக்கு:

ஃபுளோரைடு நீக்கும் வடிகட்டி பற்றிய உங்கள் விளக்கம் அன்றைய நேர்காணல்களிலேயே சிறந்த இரண்டு நிமிடம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவைச் சொன்னீர்கள். கால்சியம் குறைந்த நிலத்தடி நீரில் ஃபுளோரைடு ஏன் கூடுகிறது என்பதை, வேதியியல் படிக்காத எங்கள் சகாவுக்கும் புரியும்படி சொன்னீர்கள். அதுவரை எல்லாம் நன்று.

அப்புறம் அவர் கேட்டார்: "வடிகட்டியில் ஃபுளோரைடைப் பிடித்துவைக்கும் அலுமினா நிறைந்துபோன பிறகு அதை என்ன செய்வீர்கள்?" நீங்கள் சொன்னது: "நீர்தான் வாழ்வின் ஆதாரம். பாதுகாப்பான நீர் எல்லோருக்கும் அடிப்படை உரிமை..." ஒன்றரை நிமிடம் ஓடியது. அலுமினா என்ற சொல் அதில் ஒரு முறைகூட வரவில்லை. அவர் தலையாட்டினார், அது ஒப்புதல் இல்லை, மரியாதை.

வேடிக்கை என்னவென்றால், பதில் உங்களுக்குத் தெரியும். வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது நீங்களே சொன்னீர்கள்: எரிசோடாக் கரைசலால் கழுவி, அமிலத்தால் நடுநிலையாக்கி மீண்டும் பயன்படுத்தலாம், ஆனால் கழுவிய நீரில் ஃபுளோரைடு அடர்த்தியாக இருக்கும், அதை எங்கே கொட்டுவது என்பதுதான் நீங்கள் மேற்படிப்பில் தீர்க்க விரும்பும் சிக்கல் என்று. உள்ளே கேட்ட கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. உங்கள் படிப்புக்கான காரணமே அதில்தான் இருக்கிறது. 'பெரிதாகப் பேச வேண்டும்' என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். குழு சின்னதாகக் கேட்டால் சின்னதாகவே சொல்லுங்கள்.

இன்னொன்று: "ஏன் இந்தப் படிப்பு, ஏன் இப்போது?" என்ற இரட்டைக் கேள்வியில் இரண்டாம் பாதியை விட்டுவிட்டீர்கள். கையில் தாள் இருந்தால் 'இப்போது' என்று ஒரு சொல் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பொதுச் சுகாதார மாணவருக்கு:

குரல், நிமிர்ந்த உட்காரல், கண் பார்த்துப் பேசுவது எதிலும் குறையில்லை. தன்னம்பிக்கை தேவைக்கு மேலேயே இருக்கிறது. உங்கள் சிக்கலும் அங்கேதான்.

"எங்கள் பார்வைக் குறைபாட்டுச் சோதனை 92 சதவீதம் துல்லியமானது" என்றீர்கள். விண்ணப்பத்தில் 200 குழந்தைகள், அவர்களில் 16 பேருக்குக் குறைபாடு என்று இருக்கிறது. ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்தச் சோதனையும் செய்யாமல் 'எல்லோருக்கும் கண் நன்றாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தாலும் 184 பேர் விஷயத்தில் சரியாக இருக்கும். அதுவும் 92 சதவீதம்தான்! குழு தெரிந்துகொள்ள விரும்புவது, அந்த 16 பேரில் எத்தனை பேரை உங்கள் சோதனை பிடித்தது, நன்றாக இருக்கும் எத்தனை பேரைத் தவறாகக் குறைபாடு என்றது என்பதை. "எத்தனை பேரைத் தவறவிட்டீர்கள்?" என்று நான் கேட்டதும் அதைத்தான். "மிகச் சிலரை" என்றீர்கள். மறுபடி கேட்டேன். "புறக்கணிக்கத்தக்க எண்ணிக்கை" என்றீர்கள். இரண்டாம் முறை கேட்கப்படும் கேள்வி என்றால், முதல் பதில் எடுபடவில்லை என்று அர்த்தம். எண் நினைவில் இல்லையென்றால் இப்படிச் சொல்லுங்கள்: "சரியான எண் இப்போது நினைவில் இல்லை. சிலரைத் தவறவிட்டோம் என்பது உண்மை." இதனால் யாரும் உதவித்தொகையை இழப்பதில்லை. வழவழவென்று நழுவினால் இழக்க வாய்ப்பு உண்டு, ஏனென்றால் அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் குழு சந்தேகத்தோடுதான் கேட்கும்.

'நான்', 'நாங்கள்' விஷயமும் இதோடு சேர்ந்தது. விண்ணப்பத்தில் "ஐவர் குழு" என்று இருக்கிறது. வாயில் வந்ததெல்லாம் "நான் உருவாக்கினேன்". யார் வடிவமைத்தார் என்று கேட்டபோதுதான் வேறொருவர் என்று தெரிந்தது. உங்கள் பங்கு களத்தில் குழந்தைகளைச் சோதித்ததும் தரவைச் சரிபார்த்ததும். அது சின்ன வேலை இல்லை. "வடிவமைப்பு என்னுடையது அல்ல, களப்பணி முழுவதும் என்னுடையது" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லியிருந்தால் எனக்கு உங்கள் மேல் மதிப்பு கூடியிருக்கும்.

ஆசிரியர் பணியிலிருந்து கல்வியியல் படிக்கப் போகிறவருக்கு:

நேர்மையில் உங்களுக்குச் சொல்ல எதுவுமில்லை. இரண்டாம் ஆண்டு மதிப்பெண் ஏன் சரிந்தது என்று கேட்டதற்கு மூன்று வாக்கியத்தில் பதில்: வீட்டில் நோய், பகுதிநேர வேலை, அடுத்த ஆண்டு மீண்டது. இரக்கம் தேடாமல் அங்கேயே நிறுத்தினீர்கள். மற்ற இருவரும் இதைக் கவனியுங்கள்.

ஆனால் சரியான பதில்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிறீர்கள். உங்கள் வகுப்பில் ஆறு மாதம் நடத்திய வாசிப்பு முயற்சியைப் பற்றி, "வாசிப்பு வேகம் கூடினால் புரிதலும் கூடும் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டோம். "உறுதியாகச் சொல்ல முடியாதுங்க, மன்னிக்கவும், நான் வேகத்தை மட்டும்தான் அளந்தேன்" என்று குரல் இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு வகுப்பு இருந்ததா என்றபோதும் அப்படியே: "இல்லை, மன்னிக்கவும்." இரண்டும் ஆய்வு தெரிந்தவர் சொல்லும் பதில்கள். ஆறு மாதத்தில் குழந்தைகள் எப்படியும் கொஞ்சம் முன்னேறியிருப்பார்கள் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கிறது. மன்னிப்பை எடுத்துவிட்டு, ஒரு வாக்கியம் மட்டும் கூட்டுங்கள்: "அடுத்த முறை ஒப்பீட்டு வகுப்பு ஒன்று வைத்து, புரிதலையும் சேர்த்து அளப்பேன்." தன்னம்பிக்கைக்கு உங்கள் விஷயத்தில் அவ்வளவுதான் தேவை. சத்தமாகப் பேசப் பழக வேண்டாம். வாக்கியத்தின் கடைசிச் சொல் வரை கேட்கும்படி பேசினால் போதும்.

"இந்த உதவித்தொகை கிடைக்காவிட்டால்?" என்ற கேள்விக்கு மூவருமே, கிடைக்கும் என்று நம்புவதாகச் சொன்னீர்கள். கேட்டது அதுவல்ல. படிப்பைத் தள்ளிப்போடுவீர்களா, வேறு வழியில் பணம் தேடுவீர்களா, இதே வேலையைத் தொடர்வீர்களா என்பதை யோசித்து வாருங்கள். எந்தப் பதிலானாலும் சரி, உண்மையில் செய்யப்போவதாக இருக்கட்டும்.

அடுத்த சுற்று வியாழன் மாலை, ஆளுக்கு இருபது நிமிடம். தயாரித்த பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு வராதீர்கள். பொதுச் சுகாதாரக்காரர் மட்டும் அந்த 16 பேரின் கணக்கைப் பார்த்துக்கொண்டு வரட்டும். முதல் கேள்வியே அதுதான்.