அப்பாவின் சாப்பாட்டைப் பற்றி ஒரு கடிதம்

கோயம்புத்தூர்,
12.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைத் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 8.4. டாக்டர் 7-க்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னாராம். போனில் சொன்னால் "சரிம்மா, பார்த்துக்கறேன்" என்று வைத்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

பயப்படாதீர்கள், அரிசியை விடச் சொல்லப் போவதில்லை. தஞ்சாவூர் ஜில்லாக்காரரிடம் அதைச் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று எனக்குத் தெரியும். அதற்காக ராத்திரி ஐந்து சப்பாத்தி சாப்பிடுவதும் வேண்டாம். கோதுமையும் மாவுச்சத்துதான், ஐந்து சப்பாத்தி ஒரு தட்டுச் சோற்றுக்குக் குறைந்ததில்லை. கேழ்வரகும் அப்படித்தான். நல்லது என்று கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி, கூடவே நிறைய பருப்பும் காயும் போதும். அடை என்றால் இன்னும் நல்லது.

மத்தியானச் சாப்பாட்டில்தான் மாற்ற இடம் இருக்கிறது. குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு அன்னக்கரண்டி என்று அம்மா கணக்கு சொன்னாள். பொரியல் மட்டும் ஓரமாக ஊறுகாய் அளவில் இருக்கிறதாம்! இனிமேல் சோறு போடுவதற்கு முன்னால் பொரியலையும் கூட்டையும் சாப்பிட்டுவிடுங்கள். கல்யாணப் பந்தியில் சாம்பார் வருவதற்குள் பொரியலைக் காலி செய்வீர்களே, அதேதான். காயும் பருப்பும் முதலில் போனால் பின்னால் வரும் சோற்றின் சர்க்கரை மெதுவாக ஏறும். அப்புறம் குழம்புக்கு ஒன்றரைக் கரண்டி, ரசத்துக்கு ஒரு கரண்டி. மோரை டம்ளரில் குடித்துவிடுங்கள். முதல் வாரம் மோர்ச் சோற்றை மட்டும் நிறுத்துங்கள், மற்றதை அடுத்த வாரம் பார்க்கலாம். பொரியல் என்றால் அவரை, புடலை, கீரை, வாழைப்பூ. உருளைக்கிழங்கு வறுவலும் சேப்பங்கிழங்கு ரோஸ்ட்டும் சோற்றுக் கணக்கில்தான் சேரும், ஏமாற்றக் கூடாது.

காலையில் நான்கு இட்லியை மூன்றாக்கி, சாம்பாரை நிறைய ஊற்றிக்கொள்ளுங்கள். பசித்தால் ஒரு அவித்த முட்டை. காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையை ஒன்றாகக் குறைத்து, நாக்கு பழகியதும் அரை ஸ்பூனுக்கு வாருங்கள். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி என்று மாற்றுவதில் லாபம் இல்லை. சாயங்காலம் டீக்கடைக்குப் போவதை நிறுத்தாதீர்கள், அங்கே உங்கள் கூட்டாளிகள் இருக்கிறார்கள். சர்க்கரை இல்லாமல் டீ சொல்லிவிட்டு, பஜ்ஜிக்குப் பதில் வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சுண்டலோ கொண்டு போங்கள். அவர்கள் பிடுங்கித் தின்பார்கள், கொஞ்சம் அதிகமாகவே கட்டித் தரச் சொல்கிறேன்.

மாம்பழம் முழுசாக வேண்டாம். இரண்டு துண்டு, அதுவும் சாப்பாட்டோடு இல்லாமல் பதினோரு மணி வாக்கில். கொய்யாக்காய் தாராளமாகக் கிடைக்கும் ஊர் நம்முடையது, அதைச் சாப்பிடலாம். ஜூஸ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இது முக்கியம் அப்பா. நீங்கள் போடும் கிளிமிபிரைடு மாத்திரை, சாப்பாடு தாமதமானாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால் விரதம் என்று பட்டினி இருக்காதீர்கள், அமாவாசையானாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சோற்றைக் குறைக்கப் போவதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று அவர் பார்ப்பார். திடீரென்று வியர்த்து, கை நடுங்கினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மெஷினில் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி ஒரு தடவை, தேறியதும் ஏதாவது சாப்பிட வேண்டும். அப்படியும் ஏறவில்லை என்றால் தம்பியைக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும், ஆசைக்கு இல்லை, அவசரத்துக்கு.

ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஹரித்ரா நதிக் கரையில் ஒரு பத்து நிமிஷம் நடந்துவிட்டு வாருங்கள். சாப்பிட்டதும் நடப்பது அப்போதே சர்க்கரையை இறக்கும்.

அம்மா உங்களுக்கென்று தனியாகச் சமைக்க வேண்டாம். இதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் ஏற்ற சாப்பாடுதான், அவளுக்கும் வயசாகிறது. வாரத்தில் இரண்டு நாள் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு சோதித்து நோட்டில் எழுதி வையுங்கள். மெஷினுக்கு ஸ்ட்ரிப் தீர்ந்திருந்தால் சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்
செல்வி