தரம் பார்த்தல்: முதலாண்டு மாணவர்களுக்கான சரிபார்ப்புச் சுவரொட்டி

சோதனை: 0.1 N ஆக்ஸாலிக் அமிலத்தைக் கொண்டு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் வலிமையைக் கண்டறிதல்

கையேட்டில் இந்தச் செய்முறை ஒரே நீண்ட பத்தியாக இருக்கிறது. கை பியூரெட்டில் இருக்க, கண் பத்தியில் விட்ட இடத்தைத் தேடும்போதுதான் படிகள் விடுபட்டுப் போகின்றன என்பதால், அதையே செய்யும் வரிசையில் இங்கே பிரித்து எழுதியிருக்கிறோம். கோட்பாட்டைக் கையேட்டில் முதல் நாளே படித்து வரவும். ஒரு படியைச் செய்து முடித்த பிறகே அதன் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி டிக் செய்யவும்.

தொடங்கும் முன்

☐ 1. பாதுகாப்புக் கண்ணாடியும் மேலங்கியும் அணியவும். சோடியம் ஹைட்ராக்சைடு தோலில் பட்டால் உடனே ஓடும் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு ஆசிரியரிடம் சொல்லவும்.

☐ 2. பியூரெட்டில் நீர் விட்டு, குழாயை மூடி, முனையில் சொட்டு கசிகிறதா என்று பார்க்கவும். கசிந்தால் வேறு பியூரெட்டைக் கேட்டு வாங்கவும்.

கழுவுதல்: பெரும்பாலான பிழைகள் இங்கேதான் தொடங்குகின்றன

☐ 3. பியூரெட்டை முதலில் வாலைவடிநீராலும், பிறகு சிறிதளவு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலாலும் அலசவும்.

☐ 4. பிப்பெட்டை வாலைவடிநீருக்குப் பின் ஆக்ஸாலிக் அமிலத்தால் அலசவும்.

☐ 5. கூம்புக் குடுவையை வாலைவடிநீரால் மட்டும் அலசவும். அமிலத்தால் ஒருபோதும் அலச வேண்டாம்.

காரணம் தெரிந்தால் இம்மூன்றும் குழம்பாது. பியூரெட்டிலும் பிப்பெட்டிலும் தங்கும் நீர், உள்ளே வரும் கரைசலை நீர்த்துப்போகச் செய்யும். குடுவையில் தங்கும் நீர் அமிலத்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. ஆனால் அங்கே ஒட்டியிருக்கும் அமிலம், நீங்கள் அளந்துவிட்ட 20 மி.லி.யோடு கணக்கில் வராமல் சேர்ந்துவிடும்.

நிரப்புதல்

☐ 6. புனல் வைத்துப் பியூரெட்டைச் சுழியத்துக்கு மேல் வரை நிரப்பி, புனலை எடுத்துவிடவும். புனலிலிருந்து பிறகு விழும் ஒரு சொட்டுகூட அளவீட்டை மாற்றும்.

☐ 7. குழாயைச் சட்டென்று முழுவதும் திறந்து, முனையில் தங்கிய காற்றுக் குமிழியை வெளியேற்றவும். பின்னர் கரைசலின் மட்டத்தைச் சுழியத்தில் நிறுத்தவும்.

☐ 8. ரப்பர் பல்பைப் பயன்படுத்தி 20 மி.லி. ஆக்ஸாலிக் அமிலத்தைக் குடுவையில் விடவும். இது நச்சுத்தன்மை உடையது. பிப்பெட்டில் வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ள வேண்டாம், அதையும் கணக்கில் கொண்டே பிப்பெட் அளவிடப்பட்டிருக்கிறது.

☐ 9. பினாப்தலீன் இரண்டு சொட்டு மட்டும் சேர்த்து, குடுவையை வெள்ளை ஓட்டின் மேல் வைக்கவும்.

முடிவு நிலை

☐ 10. முதல் முறை தோராயமாகச் செய்து, நிறம் எந்த அளவில் மாறுகிறது என்று தெரிந்துகொள்ளவும்.

☐ 11. அடுத்த முறை, அந்த அளவுக்கு 1 மி.லி. முன்பிருந்தே சொட்டுச் சொட்டாக விடவும். ஒரு கை குழாயில் இருக்க, மறு கை குடுவையைத் தொடர்ந்து சுழற்ற வேண்டும்.

☐ 12. நிறமற்ற கரைசல் வெளிர் இளஞ்சிவப்பாக மாறி, சுழற்றிய பிறகும் 30 நொடி நிலைத்தால் நிறுத்தவும்.

கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான நிறமே சரியான நிறம். அடர் இளஞ்சிவப்பு அழகாக இருந்தாலும் அது எல்லையைத் தாண்டிய அடையாளம். அந்த அளவீட்டை விட்டுவிட்டு மறுபடி செய்யவும். 30 நொடிக்குப் பின் நிறம் மெல்ல மங்கினால், காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைவதே காரணம் என்பதால் மேலும் சொட்டு விட வேண்டாம்.

☐ 13. பிறைத்தளத்தின் அடிப்பகுதியைக் கண் மட்டத்தில் வைத்து, 0.1 மி.லி. வரை படித்து, பார்த்தவுடன் பேனாவால் எழுதவும்.

☐ 14. இரண்டு அளவீடுகள் ஒத்து வரும் வரை மீண்டும் செய்யவும். பக்கத்து மேசையின் எண்ணுக்கு ஏற்ப உங்கள் எண்ணைத் திருத்த வேண்டாம். இன்னொரு முறை செய்வதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

கணக்கீடு

☐ 15. ஒத்த அளவீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளவும். அது 19.4 மி.லி. என்றால்:

V₁N₁ = V₂N₂
19.4 × N₁ = 20 × 0.1
N₁ = 0.1031 N

சமான எடை 40 என்பதால், ஒரு லிட்டரில் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 0.1031 × 40 = 4.124 கிராம்.

முடித்த பின்

☐ 16. மீந்த கரைசலை மூலப் புட்டியில் திரும்ப ஊற்றாமல், கழிவுப் புட்டியில் சேர்க்கவும்.

☐ 17. பியூரெட்டை உடனே நீரால் பலமுறை அலசி, குழாயைத் திறந்த நிலையில் தாங்கியில் தலைகீழாக மாட்டவும். சோடியம் ஹைட்ராக்சைடு உள்ளே உலர்ந்துவிட்டால் கண்ணாடிக் குழாய் இறுகி, அடுத்த வகுப்பில் திருப்பவே முடியாமல் போகும்.